ஹாப்ஸை எப்போது போடுவது: கொதியிலா, அடுப்பை அணைத்த பிறகா, நொதித்து முடிந்த பிறகா?

ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ. முதலில் ஒரு அண்டா வீணான கதை. பினாங்கு பெருநிலத்தில் ஒரு சின்ன பீர் ஆலையில் வேலை பார்க்கிறேன், புதுச் செய்முறைகளைப் பழக 20 லிட்டர் சோதனை அண்டா ஒன்று வைத்திருக்கிறோம். (1976 கலால் சட்டப்படி பீர் காய்ச்ச உரிமம் வேண்டும், எங்கள் இடத்துக்கு இருக்கிறது. நீங்கள் காய்ச்ச நினைத்தால் அதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.) அமெரிக்காவின் ஓரிகன் பக்கத்துக்காரர் ஒருவர் எழுதிய பேல் ஏல் செய்முறை கிடைத்தது. எடை, நேரம் எதையும் மாற்றாமல் எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தால், எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணன் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "தம்பி, இது பீரா, நிலவேம்புக் கஷாயமா?" என்று கேட்டார்.

எடையில் தப்பில்லை, நேரத்திலும் தப்பில்லை. அந்தச் செய்முறை அடுப்பை அணைத்ததும் 40 கிராம் சிட்ரா ஹாப்ஸ் போடச் சொல்லியிருந்தது, போட்டேன். ஓரிகன்காரரின் குழாயில் வருவது ஜில்லென்ற தண்ணீர், அவருடைய வோர்ட், அதாவது இன்னும் நொதிக்காத மால்ட் சாறு, சில நிமிடங்களில் சூடு இறங்கிவிடும். நம் ஊர்க் குழாயில் 28, 29 டிகிரியில் வருகிறது, அன்றைக்கு நான் குளிர்விக்கும் சுருளைக்கூட மாட்டாமல் "கொஞ்ச நேரம் ஊறட்டும்" என்று மூடி போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். 40 நிமிடம் கழித்து வந்து பார்த்தபோது வோர்ட் இன்னும் 80 டிகிரியில் இருந்தது. அடுப்புதான் அணைந்திருந்தது, ஹாப்ஸ் வெந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த 40 நிமிடத்தைப் பற்றியதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்முறையில் எழுதியிருக்கும் நிமிடம் ஒன்று, ஹாப்ஸ் உண்மையில் சூட்டில் கிடந்த நேரம் இன்னொன்று. நம் ஊரில் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை.

ஹாப்ஸுக்குள் இருக்கும் இரண்டு சரக்கு

ஒரு ஹாப்ஸ் வில்லையை எடுத்து உள்ளங்கையில் நசுக்கித் தேய்த்துப் பாருங்கள். கை பிசுபிசுக்கும், மஞ்சள் நிறம் ஒட்டும், வாசனை தூக்கும். அந்த மஞ்சள் பொடிக்கு லுப்புலின் என்று பெயர், ஹாப்ஸ் பூவின் இதழ் அடியில் இருக்கும் சுரப்பி. நமக்கு வேண்டிய இரண்டும் அதில்தான் இருக்கின்றன: ஆல்ஃபா அமிலம், வாசனை எண்ணெய்.

ஆல்ஃபா அமிலம் அப்படியே பீரில் சரியாகக் கரையாது, பெரிதாகக் கசக்கவும் செய்யாது. சூட்டில் அதன் மூலக்கூறு உள்ளுக்குள் இடம் மாறி ஐசோ ஆல்ஃபா அமிலமாக ஆக வேண்டும், அதுதான் கரையும், அதுதான் கசக்கும். அதற்குச் சூடும் வேண்டும், நேரமும் வேண்டும். எண்ணெய் இதற்கு நேர் எதிர்: சூடும் நேரமும் கூடக்கூட அது ஆவியோடு பறந்துவிடும். ரசம் வைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. நுரை கட்டி வரும்போது இறக்கிவிட வேண்டும், கொதிக்கவிட்டால் மணம் வீடு முழுக்கப் போய் ரசத்தில் மட்டும் இருக்காது. பீர் காய்ச்சும் இடத்திலும் அப்படித்தான், ஹாப்ஸ் வாசனை தெருமுனை வரைக்கும் வந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது பாத்திரத்தை விட்டுப் போன வாசனை.

எண்ணெயிலும் எல்லாம் ஒரே மாதிரி ஓடுவதில்லை. மைர்சீன் என்பதுதான் நிறைய ஹாப்ஸ் வகைகளில் அதிகமாக இருப்பது, பச்சிலையும் பிசினும் கலந்த வாசனை, மாம்பழத்திலும் இருக்கிறது, கொதியில் முதலில் போவதும் இதுதான். லினலூல் கொஞ்சம் பிடிவாதக்காரர். கொத்தமல்லி விதையின் மணத்தில் பெரும்பங்கு இதுதான், தண்ணீரோடு ஓரளவு சேரும், அதனால் அடுப்பை அணைத்த பிறகு போட்டால் கணிசமாகத் தங்கும். ஒரே ஹாப்ஸை வெவ்வேறு நேரத்தில் போட்டால் வாசனை கூடுகிறது, குறைகிறது என்பது மட்டுமல்ல, வாசனையின் சாயலே மாறிவிடுகிறது. சூடான வோர்ட்டில் போட்டது பூ மாதிரி, ஆரஞ்சுத் தோல் மாதிரி மெதுவாக வரும். நொதித்து முடிந்த பிறகு போட்டது அப்போதுதான் கிள்ளிய பச்சிலை மாதிரி முகத்தில் அடிக்கும்.

முதல் படி: கசப்புக்கு மட்டும் ஒரு போடுகை

நான் இப்போது செய்யும் அதே பேல் ஏல்தான் கணக்கு. 20 லிட்டர், கொதிக்கும்போது அடர்த்தி 1.050. கொதி வந்து, முதலில் பொங்கும் நுரை அடங்கியதும் 15 கிராம் மேக்னம் போடுகிறேன். நுரை அடங்குவதற்கு முன்னால் போட்டால் அண்டா பொங்கி அடுப்பெல்லாம் ஒட்டும், அதைச் சுரண்டுவது தனி வேலை.

என் பொட்டலத்தில் ஆல்ஃபா 12 சதவீதம் என்று போட்டிருக்கிறது. 15 கிராமில் அது 1.8 கிராம், 20 லிட்டருக்குப் பிரித்தால் லிட்டருக்கு 90 மில்லிகிராம். ஒரு மணி நேரம் கொதித்தால் இதில் சுமார் 23 சதவீதம்தான் கசப்பாக மாறி பீரில் தங்கும் என்கிறது கிளென் டின்செத்தின் சூத்திரம், இந்தத் தொழிலில் பலரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். 90இல் 23 சதவீதம், ஏறக்குறைய 21. இதைத்தான் 21 ஐபியூ என்கிறோம், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் ஐசோ ஆல்ஃபா என்று தோராயமாக எடுத்துக்கொள்ளலாம்.

60 நிமிடத்துக்கு மேல் கொதிக்கவிட்டுப் பெரிய லாபமில்லை, அந்தச் சூத்திரத்தின் வளைவு அங்கே தட்டையாகிவிடுகிறது. இந்தப் போடுகைக்கு விலை உயர்ந்த வாசனை ஹாப்ஸை வீணாக்காதீர்கள். மேக்னம் மாதிரி ஆல்ஃபா நிறைந்த, சுத்தமாகக் கசக்கும் வகை போதும். இங்கே போட்ட ஹாப்ஸின் வாசனை கடைசிவரை ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது.

இரண்டாவது படி: கடைசி பத்து நிமிடம்

கொதி முடிய 10 நிமிடம் இருக்கும்போது 30 கிராம் காஸ்கேட். இதன் ஆல்ஃபா 6 சதவீதம், ஆக இதிலும் அதே 1.8 கிராம் ஆல்ஃபாதான் உள்ளே போகிறது. ஆனால் பத்து நிமிடத்தில் சுமார் 8 சதவீதம்தான் மாறும், அதனால் கிடைப்பது ஏழு, ஏழரை ஐபியூ. மேக்னத்தில் போட்ட அதே அளவு ஆல்ஃபா, மூன்றில் ஒரு பங்கு கசப்பு. வித்தியாசம் நேரம் மட்டும்தான்.

இதைப் பழைய புத்தகங்களில் 'சுவைக்கான போடுகை' என்பார்கள். என் சொந்த அபிப்பிராயம், இது இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி. இதில் கிடைப்பதைவிட அடுத்த படியில் அதிகம் கிடைக்கும். பழக்கத்துக்காகத்தான் இன்னும் போடுகிறேன்.

மூன்றாவது படி: அணைத்த பிறகு, அதாவது நான் கோட்டை விட்ட இடம்

40 கிராம் சிட்ரா, ஆல்ஃபா 12 சதவீதம். 4.8 கிராம் ஆல்ஃபா, லிட்டருக்கு 240 மில்லிகிராம். முதல் இரண்டு போடுகையையும் சேர்த்தால்கூட இதைவிடக் குறைவு. இத்தனையையும் 'வாசனைக்காக' என்று சொல்லிப் போடுகிறோம், ஆனால் ஆல்ஃபாவுக்கு நம் எண்ணம் தெரியாது, சூடு இருந்தால் மாறிக்கொண்டே இருக்கும்.

எந்தச் சூட்டில் எவ்வளவு வேகம் என்பதை அளந்து வைத்திருக்கிறார்கள். 100 டிகிரியில் இருக்கும் வேகத்தை ஒன்று என்று வைத்தால், 90 டிகிரியில் அது பாதிக்கும் குறைவு, 80இல் ஆறில் ஒரு பங்கு, 70க்கு இறங்கினால் பதினாறில் ஒரு பங்கு. அதனால் 100க்கும் 80க்கும் நடுவில் வோர்ட் எத்தனை நிமிடம் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கசப்பை முடிவு செய்கிறது.

என் வீணான அண்டாவுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 100இலிருந்து 80க்கு 40 நிமிடத்தில் இறங்கியது, அந்த 40 நிமிடம் கிட்டத்தட்ட 19 நிமிடக் கொதிக்குச் சமம். அப்படியானால் சிட்ராவிலிருந்து மட்டும் 32 ஐபியூ. அதோடு முடியவில்லை, பத்து நிமிடக் காஸ்கேட்டும் அதே வோர்ட்டில்தானே கிடந்தது, அது 29 நிமிடக் காஸ்கேட் ஆகி ஏழரைக்குப் பதில் 16 கொடுத்தது. மேக்னமும் கொஞ்சம் கூடி 22. மொத்தம் 70. சிட்ராவைக் கணக்கிலேயே சேர்க்காமல், 28 வரும் என்று நினைத்துக் காய்ச்சிய பீர்! இவை காகிதக் கணக்கு, ஆய்வகத்தில் அளந்தால் எண் மாறத்தான் செய்யும், ஆனால் நிலவேம்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு இது போதும்.

வாசனையும் போனது. அந்த பீரை மோந்து பார்த்தால் சிட்ராவின் பழ வாசனைக்குப் பதிலாக மங்கலான ஆரஞ்சு மர்மலேட் மாதிரி ஒன்றுதான் இருந்தது. கசப்பு எதிர்பாராமல் கூடி, வாசனை எதிர்பாராமல் குறைந்திருந்தால், அந்த இரண்டு அடையாளமும் சேர்ந்தே வந்தால், உங்கள் வோர்ட் மெதுவாக ஆறியிருக்கிறது என்று அர்த்தம். கசப்பு மட்டும் கூடி வாசனை நன்றாக இருந்தால் கோளாறு வேறு, பெரும்பாலும் பொட்டலத்தின் ஆல்ஃபா எண்ணைப் பார்க்காமல் பழைய எடையையே போட்டிருப்பீர்கள். ஒரே வகைக்கே அந்த எண் அறுவடைக்கு அறுவடை மாறும்.

இப்போது செய்வது இப்படி. அடுப்பை அணைத்ததும் ஹாப்ஸ் பொட்டலத்தைத் தொடுவதே இல்லை. முதலில் 80க்கு இறக்க வேண்டும். செம்புச் சுருளில் நம் குழாய்த் தண்ணீரை ஓட்டினாலே இந்த 20 டிகிரி சீக்கிரம் இறங்கிவிடும், ஏனென்றால் 100 டிகிரி வோர்ட்டுக்கும் 29 டிகிரி தண்ணீருக்கும் உள்ள இடைவெளி பெரியது. நம் ஊர்த் தண்ணீர் கைவிடுவது கடைசியில்தான், 35க்குக் கீழே. 80 வந்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டு சிட்ராவைப் போட்டு, நீண்ட கரண்டியால் ஒரே திசையில் சுழற்றிவிட்டு, மூடி 20 நிமிடம். இதைத்தான் வேர்ல்பூல் என்கிறார்கள். இந்தக் கணக்கில் சிட்ரா கொடுக்கும் கசப்பு 32 அல்ல, ஏழு, எட்டுதான். மொத்தம் 36 சுமாருக்கு வந்துவிடும், பேல் ஏலுக்கு அளவான கசப்பு.

சுருள் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 20 லிட்டரையும் கொதிக்க வைக்காமல் 16 லிட்டரை மட்டும் கொதிக்க வையுங்கள், மால்ட் எல்லாம் அதிலேயே. மீதி 4 லிட்டர் தண்ணீரை முந்தின நாளே கொதிக்கவைத்து ஆற்றி, சுத்தமான மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அடுப்பை அணைத்ததும் அந்த 5 டிகிரித் தண்ணீரை ஊற்றினால் வோர்ட் அந்த நொடியே 81 டிகிரிக்கு வந்து நிற்கும். 16ஐ நூறால் பெருக்கி, 4ஐ ஐந்தால் பெருக்கி, கூட்டி 20ஆல் வகுத்துப் பாருங்கள், பள்ளிக்கூடக் கணக்குதான். கொதிக்கும் வோர்ட் கொஞ்சம் கெட்டியாக இருப்பதால் முதல் போடுகையின் கசப்பு ஒரு சொட்டுக் குறையும், வேண்டுமென்றால் மேக்னத்தை இரண்டு கிராம் கூட்டிக்கொள்ளலாம்.

குளிர்விக்கவே போவதில்லை, சூட்டோடு கேனில் ஊற்றி மறுநாள் பார்த்துக்கொள்கிறேன் என்பவர்களும் உண்டு, ஆஸ்திரேலியாவில் இது சகஜமான பழக்கம். அவர்கள் ஒவ்வொரு போடுகையையும் 15, 20 நிமிடம் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள்: செய்முறையில் 20 நிமிடம் என்றிருந்தால் அடுப்பை அணைத்ததும், பத்து நிமிடம் என்றிருந்தால் கேனுக்குள்ளேயே. அணைத்த பிறகு போட வேண்டியதை மொத்தமாக டிரை ஹாப்புக்கு, அதாவது நொதித்த பிறகு போடுவதற்கு, மாற்றிவிடுவதே நம் ஊரில் நல்லது.

20 நிமிடம் முடிந்ததும் மறுபடி சுருளில் தண்ணீர். 35 டிகிரி வந்ததும் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு வாளி நிறைய ஐஸ் தண்ணீரில் சின்ன பம்ப் ஒன்றைப் போட்டு அதைச் சுருளில் சுற்றவிடுகிறேன். முதலிலிருந்தே ஐஸ் போடாதீர்கள், ஐந்து நிமிடத்தில் ஐஸ் எல்லாம் கரைந்துபோகும், கடைசியில் உங்களுக்கு வேண்டும்போது இருக்காது.

நான்காவது படி: டிரை ஹாப்

இது கொதியே பார்க்காத ஹாப்ஸ். நொதித்து முடிந்த, அல்லது முடியப்போகும் பீரில் போடுவது. சூடு இல்லை, அதனால் ஆல்ஃபா ஐசோ ஆல்ஃபாவாக மாறுவதில்லை, எண்ணெய் ஆவியாவதில்லை. வாசனை முழுக்க நமக்கே.

"அப்படியென்றால் டிரை ஹாப் கசக்காது" என்று நிறையப் பேர் சொல்வார்கள். முழு உண்மை இல்லை. ஹாப்ஸ் காய்ந்து வில்லையாகி வரும் வழியிலேயே ஆல்ஃபாவில் கொஞ்சம் காற்றுப்பட்டு ஹியூமுலினோன் என்ற பொருளாக மாறியிருக்கும். அது குளிர்ந்த பீரிலும் கரையும், ஐசோ ஆல்ஃபாவின் மூன்றில் இரண்டு பங்கு கசப்பு அதற்கு உண்டு. அதோடு இலைப்பொருளிலிருந்து வரும் துவர்ப்பு. வாழைப்பூவைக் கடித்தால் நாக்கில் ஒட்டுமே, அளவு மீறினால் அந்த மாதிரி.

அளவு என்ன? நான் போடுவது 100 கிராம், லிட்டருக்கு 5 கிராம். காஸ்கேட்டை வைத்து ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்து பார்த்தபோது, லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டினால் வாசனை அதற்கேற்ப ஏறுவதில்லை, ஏறியதும் சிட்ரஸ் பக்கத்தை விட்டுப் பச்சிலை, தேயிலைப் பக்கமாகச் சாய்கிறது என்று கண்டார்கள். 20 லிட்டரில் 300 கிராம் போட்டுப் படம் பிடிப்பவர்களைப் பார்த்துப் பொறாமைப்படாதீர்கள், ஹாப்ஸ் இங்கே வந்து சேரும் விலைக்கு அது கட்டுப்படியாகாது.

எத்தனை நாள்? முதல் ஒரு நாளிலேயே பெரும்பாலான வாசனை இறங்கிவிடுகிறது. அசைக்காமல் வைத்தால் இரண்டு மூன்று நாள் போதும். ஒரு வாரம், பத்து நாள் என்று ஊறவைத்தால் துவர்ப்புதான் வரும். பை போட்டால் வில்லை ஊதிப் பெருக இடம் வேண்டும், இறுக்கிக் கட்டினால் நடுவில் காய்ந்தபடியே கிடக்கும், இதை நானே ஒரு தடவை கத்தரித்துப் பார்த்திருக்கிறேன். இப்போதெல்லாம் பை இல்லாமல் அப்படியே போட்டுவிட்டு, கடைசியில் பீரைக் குளிரவைத்து அடியில் படியவிடுகிறேன்.

மூடியைத் திறக்கும் அந்தச் சில விநாடிதான் டிரை ஹாப்பின் பெரிய பலவீனம். ஈஸ்ட் ஓய்ந்துவிட்ட பீரில் காற்று புகுந்தால் அதை உறிஞ்ச ஆளில்லை. சில வாரத்தில் தங்க நிறம் பழுப்பாகி, பழ வாசனை போய், நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வரும். 30 டிகிரி அறையில் வைத்தால் இன்னும் சீக்கிரம். அதனால் நொதி முழுவதும் அடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், குமிழ் இன்னும் மெதுவாக வந்துகொண்டிருக்கும்போது போட்டுவிடுங்கள், ஈஸ்ட் அந்தக் காற்றைத் தின்றுவிடும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இருந்தால் திறக்கும் நேரத்தில் மேலே லேசாக ஓடவிடலாம்.

ஐந்தாவது படி: பாட்டிலில் அடைக்கும் முன் பொறுமை

இதைச் சொல்லாமல் டிரை ஹாப் சொல்லித்தருவது தப்பு. ஹாப்ஸ் பூவில் மாவுச்சத்தை உடைக்கும் நொதிப்பொருள்கள் கொஞ்சம் இருக்கின்றன. கொதியில் போட்டால் அவை செத்துவிடும், டிரை ஹாப்பில் உயிரோடு பீருக்குள் வருகின்றன. ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்டுவைத்த டெக்ஸ்ட்ரினை அவை சர்க்கரையாக உடைக்க, ஈஸ்ட் மறுபடி எழுந்து சாப்பிட ஆரம்பிக்கும். இங்கிலாந்தில் பிரவுன், மாரிஸ் என்ற இரண்டு பேர் 1893இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், அப்புறம் எல்லாரும் மறந்து, டிரை ஹாப் அளவு கண்டபடி ஏறிய பிறகுதான் மறுபடி ஞாபகம் வந்தது. இப்போது இதை ஹாப் கிரீப் என்கிறார்கள்.

எனக்கு நடந்த கணக்கைச் சொல்கிறேன். டிரை ஹாப் போடும்போது அடர்த்தி 1.012. மூன்றாம் நாள் பாட்டிலில் அடைக்கலாம் என்று எடுத்துவைத்தேன், ஏதோ சந்தேகம், அளந்து பார்த்தால் 1.011. விட்டுவிட்டேன். இன்னும் நான்கு நாளில் 1.009 ஆகி அங்கேயே நின்றது. மூன்றாம் நாளே அடைத்திருந்தால் பாட்டிலுக்குள் இறங்கியிருக்கும் இந்த இரண்டு புள்ளி கேட்பதற்குச் சின்னது, ஆனால் ஒரு புள்ளி இறங்கினால் பீரின் கொள்ளளவைப் போல ஏறக்குறைய அரை மடங்கு வாயு கூடும், இரண்டு புள்ளிக்கு ஒரு மடங்கு. வழக்கமாக நாம் சர்க்கரை சேர்த்து ஏற்றுவது இரண்டரை சுமார். இரண்டும் சேர்ந்தால் மூன்றரை, சாதாரண பீர் பாட்டில் அதற்குச் செய்யப்பட்டது அல்ல. குளிர் நாட்டில் நிலவறையில் வைத்தவர்களுக்கு இது மெதுவாக நடந்து தப்பித்துவிடலாம், நம் ஊரில் சமையலறை அலமாரிக்குள் 30 டிகிரியில் விறுவிறு என்று நடக்கும்.

அதனால் பாட்டிலில் அடைக்கிறவர்கள் டிரை ஹாப்பை 18, 20 டிகிரியில், ஈஸ்ட் வேலை செய்யும் சூட்டிலேயே போடுங்கள். பழைய ஃபிரிட்ஜ் ஒன்றில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டினால் போதும். இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு தடவை அளந்து எண் அசையாமல் இருந்தால்தான் அடுத்த வேலை. இது மேலே சொன்ன 'மூன்று நாள் போதும்' என்பதோடு கொஞ்சம் மோதும், ஆமாம். துவர்ப்பா, பாட்டில் வெடிப்பதா என்று வந்தால் நான் துவர்ப்பைத்தான் தேர்ந்தெடுப்பேன். கெக்கில் ஊற்றி நேராகக் குளிரில் வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, அவர்கள் 14 டிகிரியில் போட்டு, மூன்றாம் நாள் எடுத்து, கடைசிவரை குளிரிலேயே வைத்துக்கொள்ளலாம்.

எண் நின்றபிறகும் ஒரு சோதனை. ஈஸ்ட் மறுபடி எழும்போது வெண்ணெய் வாசனை தரும் டைஅசிட்டைல் உண்டாகலாம், அது முதலில் வாசனையே இல்லாத வடிவத்தில் ஒளிந்திருக்கும். அரை கிளாஸ் பீரை மூடி, 60, 65 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து, ஆறியதும் சூடுபடுத்தாத பீரோடு சேர்த்து மோந்து பாருங்கள். வெண்ணெய் தடவிய பாப்கார்ன் மாதிரி வந்தால் இன்னும் இரண்டு நாள் சூட்டிலேயே விடுங்கள், ஈஸ்ட்டே அதைத் தின்று தீர்த்துவிடும்.

20 லிட்டர் காய்ச்சாமல் ஹாப்ஸைத் தெரிந்துகொள்ள

புது வகை ஹாப்ஸ் வாங்கினால், அல்லது பொட்டலம் வரும் வழியில் வெயிலில் கிடந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால், இதைச் செய்து பார்க்கிறேன். கடையில் கிடைக்கும் சாதாரண லேகர், 325 மில்லி பாட்டில் இரண்டு, நன்றாகக் குளிரவைத்தது. ஒன்றைத் திறந்து கால் கிளாஸ் குடித்துவிட்டு (இது அவசியமான படி) அதில் ஒன்றரை கிராம் வில்லையை ஒவ்வொன்றாக, மெதுவாகப் போட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் வாயு எல்லாம் வில்லையைச் சுற்றிக் கிளம்பி பீர் கூரைக்குப் போகும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மூடியை இறுக்கி ஃபிரிட்ஜில் இரண்டு நாள். அப்புறம் வடிகட்டி, மற்ற பாட்டிலோடு பக்கத்தில் வைத்து மோந்து பார்த்தால், அந்த ஹாப்ஸ் டிரை ஹாப்பில் என்ன தரும் என்பது ஏறக்குறைய தெரிந்துவிடும்.

பாலாடைக்கட்டி வாசனையோ, வியர்த்த காலுறை வாசனையோ வந்தால் ஹாப்ஸ் பழையது, காற்றுப்பட்டுக் கெட்டது. வில்லையே பச்சை போய்ப் பழுப்பாக இருந்தால் பாட்டிலைத் திறக்கவே வேண்டியதில்லை. திறந்த பொட்டலத்தைக் காற்றெடுத்து ஒட்டி ஃபிரீசரில் வையுங்கள், மீன் பக்கத்தில் வேண்டாம். கெட்டுப்போன ஹாப்ஸை "கொதியில் போட்டுத் தீர்த்துவிடலாம்" என்று அண்ணன் ஒரு தடவை சொன்னார், ஆல்ஃபாவும் குறைந்திருக்கும் என்பதால் எவ்வளவு கசப்பு வரும் என்று கணக்குப் போட முடியாமல் கடைசியில் குப்பையில்தான் கொட்டினோம்.